போர்ட்ஃபோலியோ ஹீட்டுக்கு கேப் வைக்கப் போறீங்களா, எதிலிருந்து அளக்கறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

ஒரு ட்ரேடுக்கு 1 சதவீதம்தான் ரிஸ்க்னு வச்சிருக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, அது நல்ல பழக்கம்தான், ஆனா எத்தனை ட்ரேடு ஒரே நேரத்துல ஓப்பனா இருக்குங்கறத அந்த விதி கேக்கவே கேக்காது. எட்டு பொசிஷன் ஓடிட்டு இருக்கு, எட்டுக்கும் ஒரே நாள்ல ஸ்டாப்லாஸ் அடிச்சா 8 சதவீதம் போகும், அது உங்க கணக்குல எங்கயும் எழுதியிருக்காது. அதுக்குத்தான் போர்ட்ஃபோலியோ ஹீட். ஓப்பனா இருக்கற எல்லா பொசிஷனுக்கும் ஸ்டாப் வரைக்கும் எவ்ளோ போகும்னு கூட்டி, அந்த மொத்தம் கேப்பிட்டல்ல இத்தனை சதவீதத்த தாண்டக் கூடாதுன்னு ஒரு கோடு போடறது. அந்தக் கோட்ட தொட்டுட்டா எவ்ளோ நல்ல செட்டப் வந்தாலும் புது ட்ரேடு கிடையாது.

எல்லாரும் சண்டை போடறது கேப் 5 சதவீதமா 6 சதவீதமா 10 சதவீதமான்னு. என்னைக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. ஸ்டாப் வரைக்கும்னா எங்கிருந்து ஸ்டாப் வரைக்கும்ங்கறதுதான் முதல் கேள்வி. வாங்குன விலையிலிருந்தா, இல்ல இன்னைக்கு ஓடற விலையிலிருந்தா? இந்த ரெண்டும் ஒரே 6 சதவீதத்த வச்சிக்கிட்டு முற்றிலும் வேற வேற போர்ட்ஃபோலியோவுல உங்கள கொண்டு போய் நிறுத்தும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. கைக்காசுல டெலிவரி மட்டும் எடுக்கறவருக்கு இந்த கேப் ஆரம்பத்துல ஒரு வேலையும் செய்யாது. 5 லட்சம் இருக்கு, எல்லா ஸ்டாப்பும் 6 சதவீதம் கீழ இருக்குன்னா, முழுக் காசையும் போட்டாக்கூட வாங்குன விலையிலிருந்து பாக்கற ஹீட் 6 சதவீதத்த தாண்டவே முடியாது, கைல காசு தீர்ந்துரும். கேப் நிஜமா வேலை செய்ய ஆரம்பிக்கறது மூணு இடத்துல. எம்டிஎஃப்ல கடன் வாங்கி வாங்கறப்போ, ஃப்யூச்சர்ஸ்ல இருக்கறப்போ, அப்புறம் லாபம் ஏறி விலைக்கும் ஸ்டாப்புக்கும் இடைவெளி பெருசாகறப்போ. இந்த மூணாவதுதான் பலபேர் கண்ணுக்குப் படறதில்ல, கீழ அதத்தான் விரிவா பாக்கப்போறோம்.

2024 ஜூன் மாசத்த எடுத்துக்கலாம், தேர்தல் ரிசல்ட் வந்த வாரம். ஜூன் 1 சனிக்கிழமை சாயங்காலம் எக்ஸிட் போல் வந்துச்சு, திங்கள் ஜூன் 3 நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல ஏறி 23,263ல முடிஞ்சுது, அடுத்த நாள் ஓட்டு எண்ண எண்ண விழுந்து 21,884ல முடிஞ்சுது, ஏறக்குறைய 5.9 சதவீதம். நிஃப்டிக்கு அவ்ளோன்னா பொதுத்துறை வங்கி இண்டெக்ஸுக்கு சுமார் 15 சதவீதம், சில பொதுத்துறை பங்குகள் 20 சதவீதத்துக்கு மேல. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா நிஃப்டி அன்னைக்கு முந்தின நாள் விலையிலேர்ந்து ரொம்ப கீழ குதிச்சு ஓப்பன் ஆகல, காலையில கொஞ்சம் கீழ ஆரம்பிச்சு சில மணி நேரத்துல இறங்குச்சு. அதனால நல்லா வியாபாரம் நடக்கற பங்குகள்ல ஸ்டாப்லாஸ் கொஞ்சம் ஸ்லிப்பேஜோட அடிச்சு வெளிய வந்திருக்க முடியும். அதாவது ஸ்டாப் ஒழுங்கா வேலை செஞ்சும் என்ன ஆகும்னு பாக்க இத விட தெளிவான நாள் கிடையாது.

இப்போ ஒரு மாதிரி போர்ட்ஃபோலியோ, எண்கள் கணக்குக்காக நான் வச்சது. கேப்பிட்டல் 5 லட்சம், ட்ரேடுக்கு 1 சதவீதம், அதாவது 5,000 ரூபா ரிஸ்க். சில வாரம் முன்னாடி ஒருத்தர் ஆறு பங்கு வாங்குனாரு, கணக்கு சுலபமா இருக்க எல்லாமே 200 ரூபா, ஸ்டாப் 188, ஒவ்வொண்ணும் 416 பங்கு. ஒரு பொசிஷனுக்கு 83,200 ரூபா, ஆறுக்கும் சேத்து 4,99,200, காசு முழுக்க உள்ள. ஹீட் ஆறு ஐயாயிரம், சுமார் 30,000, அதாவது 6 சதவீதம். ஆறுல நாலு பொதுத்துறை, மீதி ஒண்ணு பார்மா, ஒண்ணு எஃப்எம்சிஜி. ஜூன் 3 சாயங்காலம் அந்த நாலு பொதுத்துறை பங்கும் 240ல நிக்குது, ஸ்டாப்ப வாங்குன விலைக்கே, 200க்கே, இழுத்தாச்சு. மத்த ரெண்டும் அதே 200ல, அதே 188 ஸ்டாப்போட.

வாங்குன விலையிலிருந்து அளந்தா

நாலு பொதுத்துறை பங்கும் இப்போ ரிஸ்க் ஃப்ரீ, ஹீட் பூஜ்யம். மிச்சம் ரெண்டுக்கும் சேத்து சுமார் 10,000, அதாவது 2 சதவீதம். கேப் 6, அப்போ இன்னும் நாலு ட்ரேடுக்கு இடம் இருக்குன்னு ஷீட் பச்சைக்கொடி காட்டுது. எக்ஸிட் போல் திங்கள்ல பிரேக்அவுட் ஆன பங்குலாம் பொதுத்துறைதான், கைல காசு இல்ல, எம்டிஎஃப் இருக்கு. இவரு இன்னும் நாலு பங்கு அதே அளவுல, 200க்கு வாங்கி 188 ஸ்டாப் போடறாரு. ஷீட்ல ஹீட் 6 சதவீதம், விதி எதுவும் மீறல.

ஜூன் 4. பழைய நாலும் 200 ஸ்டாப்ல, ரெண்டு ரூபா ஸ்லிப்பேஜோட 198க்கு வெளிய வருதுன்னு வைங்க. முந்தின நாள் மதிப்புலேர்ந்து பங்குக்கு 42 ரூபா, நாலுக்கும் சேத்து 69,888. புதுசா வாங்குன நாலும் 188 ஸ்டாப் அடிச்சு 186ல வெளிய, 23,296. மொத்தம் 93,184. அன்னைக்கு எஃப்எம்சிஜி தாக்குப் பிடிச்சுது, அந்த இண்டெக்ஸ் ஏறியே முடிஞ்சுது, அதனால மீதி ரெண்டையும் அசையலன்னே விட்டுரலாம். ஜூன் 3 சாயங்காலம் அக்கவுண்ட் மதிப்பு 5,66,560. ஒரே நாள்ல 16.4 சதவீதம் இறக்கம், ஷீட்ல எழுதியிருந்தது 6.

இங்க அவசரப்பட்டு இந்த அளவு பொய் சொல்லிருச்சுன்னு சொல்லிரக் கூடாது. போட்ட 5 லட்சத்துலேர்ந்து பாருங்க, கைல மிச்சம் 4,73,376, அதாவது 5.3 சதவீதம்தான் நஷ்டம். 6க்கு மேல போகாதுன்னு சொன்னுச்சு, போகல. போட்ட முதலுக்கு எவ்ளோ ஆபத்துங்கற கேள்விக்கு இது சரியான பதில்தான் சொல்லுது. அக்கவுண்ட்ல இன்னைக்கு தெரியற காசுக்கு எவ்ளோ ஆபத்துங்கறத இது பாக்கறதே இல்ல. நீங்க எந்தக் கேள்விய கேட்டீங்கன்னு தெரியாம இருந்தா அன்னைக்கு சாயங்காலம் 93,000 இறங்குனத பாத்துட்டு உக்காந்திருப்பீங்க.

இந்த முறையில ஒரு தப்பு கூடவே ஒட்டிக்கிட்டு வரும், அது வகுக்கற எண்ணுல. மேல ஹீட்ட கூட்டறப்போ ஓடற லாபத்த சேக்கறதில்ல, ஏன்னா அது நம்ம முதல் இல்லன்னு சொல்றோம். ஆனா கீழ வகுக்கறப்போ ப்ரோக்கர் ஆப்ல தெரியற மொத்த மதிப்பு 5,66,560ஐ போட்டுடறோம், அப்போ 6 சதவீதம் 30,000லேர்ந்து 34,000 ஆகுது, 1 சதவீத ரிஸ்க்கும் 5,000லேர்ந்து 5,666 ஆகுது. லாபம் ஆபத்துல இருக்குன்னு கணக்குல எடுக்க மாட்டோம், ஆனா அதே லாபத்த காட்டி இன்னும் பெருசா ட்ரேடு எடுப்போம்னா அது ரெண்டு பக்கமும் நமக்கு சாதகமா வளைக்கறது. வாங்குன விலையிலிருந்து அளக்கறதா இருந்தா வகுக்கற எண் போட்ட முதலா இருக்கணும், அதோட வித்து முடிச்ச லாப நஷ்டத்த மட்டும் சேக்கலாம். ஓடற விலையிலிருந்து அளந்தா மட்டும் மொத்த மதிப்பால வகுக்கலாம்.

ஓடற விலையிலிருந்து அளந்தா

அதே ஜூன் 3 சாயங்காலம். நாலு பொதுத்துறை பங்குக்கும் 240க்கும் 200க்கும் நடுவுல 40 ரூபா, 416 பங்கு, ஒண்ணுக்கு 16,640, நாலுக்கு 66,560. மீதி ரெண்டோட 9,984 சேத்தா 76,544. வகுத்தா 13.5 சதவீதம். ஒரே நாள், ஒரே போர்ட்ஃபோலியோ, ஒருத்தர் ஷீட்ல 2, இன்னொருத்தர் ஷீட்ல 13.5. இவருக்கு புது ட்ரேடுங்கற பேச்சே இல்ல, இருக்கறதயே குறைக்கணும்.

எப்படி குறைக்கறதுங்கறதுதான் இதோட கஷ்டமான பகுதி. ஸ்டாப்ப ஏத்தலாம், குவாண்டிட்டிய குறைக்கலாம். 6 சதவீத கேப்புக்குள்ள ஸ்டாப்ப ஏத்தி மட்டும் வரணும்னா நாலு பங்கோட ஸ்டாப்பும் 225.60க்கு போகணும், விலையிலேர்ந்து 6 சதவீதம் கீழ. ஜூன் 4 அன்னைக்கு 223 சுமாருக்கு வெளிய வந்து 28,288 போகும், அக்கவுண்ட் 5,38,272ல நிக்கும். அந்த ஒரு நாளுக்கு இதுதான் ஆகச் சிறந்த முடிவு. ஆனா அந்த ஒரு நாள மட்டும் வச்சு முறைய தேர்ந்தெடுக்கறது சரியில்ல. ஒரு நாளைக்கு 3, 4 சதவீதம் சாதாரணமா ஆடற பங்குல 6 சதவீத ஸ்டாப்புங்கறது ரெண்டு நாள் ஆட்டம்தான், இவ்ளோ இறுக்கமா ட்ரெயில் பண்ணியிருந்தா அந்தப் பங்குகள் 240 வர்றதுக்கு முன்னாடியே 215லயோ 220லயோ இவர உதறித் தள்ளியிருக்கும். இறங்குன நிஃப்டி மூணே செஷன்ல, ஜூன் 7 வெள்ளிக்கிழமை, 23,290ல முடிஞ்சு ஜூன் 3 லெவல தாண்டிருச்சுங்கறதயும் சேத்துப் பாக்கணும்.

ஸ்டாப்ப தொடாம குவாண்டிட்டிய மட்டும் குறைக்கறதா இருந்தா 6 சதவீத கேப்புக்கு 416ல 150 பங்குதான் மிஞ்சும். நல்லா ஓடற பங்குல மூணுல ரெண்டு பங்க வித்துட்டு நிக்கறது எந்த ட்ரெண்ட் ஃபாலோயருக்கும் வேலைக்கு ஆகாது. அதாவது ஓடற விலையிலிருந்து அளக்கறவங்க 6 சதவீதம்ங்கற எண்ண கடன் வாங்கக் கூடாது. அந்த எண் வாங்குன விலையிலிருந்து அளக்கறவங்களோடது. இதுக்கு கேப் பெருசா இருக்கணும்.

10 சதவீதம்னு வச்சா? 56,656 வரைக்கும் அனுமதி, மீதி ரெண்டுக்கு 9,984 போனா நாலுக்கும் 46,672, அதே 200 ஸ்டாப்போட 291 பங்கு வச்சிக்கலாம். 125 பங்க 240க்கு வித்தாச்சு, கைல காசு வந்தாச்சு, புது ட்ரேடு கிடையாது. ஜூன் 4ல 198க்கு வெளிய வந்தா 48,888 போகும், 8.6 சதவீதம். அக்கவுண்ட் 5,17,672. போட்ட முதலுக்கு மேலயே நிக்கறாரு, அதே சமயம் ட்ரெண்டுக்கு மூச்சு விட இடமும் குடுத்திருக்காரு.

மூணு முடிவும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, 4.73 லட்சம், 5.38 லட்சம், 5.18 லட்சம். நான் மூணாவதோட பக்கம். ஆனா அத தனியா வைக்க மாட்டேன், ரெண்டு அளவையும் ஷீட்ல வைப்பேன். புது ட்ரேடு எடுக்கலாமா வேண்டாமான்னு சொல்றது வாங்குன விலை ஹீட், கேப் 6. இருக்கறத குறைக்கணுமான்னு சொல்றது ஓடற விலை ஹீட், கேப் 10. எது முதல்ல தொட்டாலும் புது ட்ரேடு நிக்கணும். ரெண்டு எண் பாக்கறது தலைவலின்னு ஒரே எண்தான் வேணும்னா ஓடற விலைய எடுங்க, அது பொசிஷன் எடுத்த அன்னைக்கு வாங்குன விலை ஹீட்டேதான், விலை நகர்ந்தப்புறம்தான் பிரியும், லாபத்துல பிரியறப்போ ஜாக்கிரதை பக்கம் பிரியும்.

ஷீட்ல B குவாண்டிட்டி, C ஓடற விலை, D ஸ்டாப், E வாங்குன விலை, G1 மொத்த மதிப்பு, G2 போட்ட முதல்னு வச்சா இவ்ளோதான்:

```
=SUMPRODUCT(B2:B15, C2:C15-D2:D15)/G1
=SUMPRODUCT(B2:B15, (E2:E15>D2:D15)*(E2:E15-D2:D15))/G2
```

ரெண்டாவது வரியில நடுவுல இருக்கற அந்த ஒப்பீடு எதுக்குன்னா, ஸ்டாப் வாங்குன விலைக்கு மேல போயிட்டா கழிச்சு வர்ற எண் மைனஸ் ஆகிடும், அந்த மைனஸ் போயி மத்த பங்கோட ரிஸ்க்க குறைச்சுக் காட்டும். ஒரு பங்குல பூட்டி வச்ச லாபம் இன்னொரு பங்கோட நஷ்டத்த ஈடு கட்டும்னு ஷீட் நினைச்சுக்கும். அத தடுக்க மைனஸ பூஜ்யம் ஆக்கறோம். இத விட்டுட்டு ஹீட் 1 சதவீதம்தான் இருக்குன்னு நம்பிட்டு இருக்கற ஷீட்டுகள் நிறைய.

செக்டர் கேப்பும் சேக்கணுமா

அன்னைக்கு எட்டு ஸ்டாப்பும் ஒண்ணா அடிச்சதுக்கு காரணம் எட்டும் ஒரே செய்திக்கு ஆடற பங்கு. மொத்த ஹீட் கேப் மட்டும் வச்சிருந்தா 6 சதவீதமும் ஒரே கூடையில போய் உக்காரலாம், விதி ஒண்ணும் சொல்லாது. 1983ல ரிச்சர்ட் டென்னிஸ் பழக்கிவிட்ட டர்டில் ட்ரேடர்ஸுக்கு இருந்த விதியப் பாருங்க, ஒரே மார்க்கெட்ல 4 யூனிட், நெருங்கி ஆடற மார்க்கெட்டுகள்ல சேத்து 6, தூரத்து உறவுல 10, ஒரே திசையில மொத்தம் 12. அவங்க மொத்தத்துக்கு ஒரு கோடு போட்டதோட நிறுத்தல, எது எதுகூட சேந்து ஆடும்னு அடுக்கடுக்கா கோடு போட்டாங்க.

நம்ம ஆளுங்க இத செய்யறப்போ என்எஸ்இ செக்டர் பேர வச்சு பிரிப்பாங்க, பொதுத்துறை வங்கி ஒண்ணு, டிஃபன்ஸ் ஒண்ணு, ரயில்வே ஒண்ணு, பவர் ஃபைனான்ஸ் ஒண்ணு, நாலு செக்டர் நாலு பக்கெட், ஒவ்வொண்ணுலயும் 1.5 சதவீதம்தான், நல்லா பரவி இருக்குன்னு. ஜூன் 4 அன்னைக்கு அந்த நாலும் ஒரே பக்கெட். செக்டர் பேர பாக்காதீங்க, எந்தச் செய்தி வந்தா இது விழும்னு ஒரு வரி எழுதுங்க, ஒரே வரி வந்துச்சுன்னா ஒரே பக்கெட். அந்தப் பக்கெட்டுக்கு மொத்த கேப்புல பாதி போதும். இந்தக் கணக்க கண்டிப்பா ஓடற விலையில பண்ணணும், ஏன்னா வாங்குன விலையில பண்ணா நம்ம உதாரணத்துல ஸ்டாப் காஸ்ட்டுக்கு வந்த நாலு பொதுத்துறை பங்கும் பக்கெட்லயே இல்லாத மாதிரி ஆகிடும், அந்தக் காலி இடத்துலதான் இன்னும் நாலு உள்ள வந்துச்சு.

மாச நஷ்டத்தயும் சேத்து எண்ணற ஒரு வகை இருக்கு, இந்த மாசம் ஏற்கனவே போனது, இப்போ ஓப்பனா இருக்கற ரிஸ்க், ரெண்டும் சேந்து மாச ஆரம்ப மதிப்புல 6 சதவீதத்த தாண்டக் கூடாது. 15,000 போயிருச்சுன்னா மிச்ச மாசத்துக்கு 15,000 ஹீட்தான். அடி வாங்கறப்போ தானா சின்னதாகும், அடி வாங்குன கோவத்துல அடுத்தடுத்து எடுக்கறவங்களுக்கு இது ரொம்ப நல்லது. மாசம் முழுக்க ஒரே ரெண்டு நாள்லதான் செட்டப் வரும்ங்கற ஸ்லோ சிஸ்டம் வச்சிருக்கறவங்களுக்கு தேவையில்லாத பூட்டு.

எந்த முறைக்கும் ஹீட் குறைவா காட்டற இடங்கள்

ஸ்டாப் ரொம்ப கிட்ட வச்சா ஹீட் குறையும், அதனால அதே ஹீட்டுக்குள்ள பெரிய பொசிஷன் எடுக்கலாம். 2 சதவீத ஸ்டாப்போட 5 லட்சத்துக்கு 15 லட்சம் எம்டிஎஃப் பொசிஷன் எடுத்தாலும் ஹீட் 6தான் காட்டும். ராத்திரி ஒரு செய்தி வந்து காலையில 5 சதவீதம் கீழ ஓப்பன் ஆனா 75,000 போகும், அதாவது 15 சதவீதம், ஸ்டாப்புங்கறது அங்க பேப்பர்ல மட்டும்தான். 2020 மார்ச் 23 அன்னைக்கு நிஃப்டி ஒரே நாள்ல 13 சதவீதம் விழுந்துச்சு, லோயர் சர்க்யூட்ல வியாபாரமே நிறுத்தினாங்க. அதனால ஹீட் கேப்போட கூட மொத்த பொசிஷன் மதிப்புக்கும் ஒரு மேல்வரம்பு வேணும், ராத்திரி தாண்டி வைக்கறதுக்கு கேப்பிட்டல்ல ஒண்ணரை மடங்குக்கு மேல எனக்கு மனசு ஒப்பாது.

எஃப் அண்ட் ஓ லிஸ்ட்ல இல்லாத சின்ன பங்குகளுக்கு 5 சதவீதம், 10 சதவீதம்னு தினசரி சர்க்யூட் இருக்கும். லோயர் சர்க்யூட்ல பூட்டிருச்சுன்னா வாங்க ஆள் இல்ல, உங்க ஸ்டாப் வரிசையில நிக்கும், அடுத்த நாளும் அதே கதையா இருக்கலாம். அப்படிப்பட்ட பங்குக்கு ஸ்டாப் தூரத்த எடுக்காதீங்க, மூணு சர்க்யூட் தூரத்த ரிஸ்க்னு ஷீட்ல போடுங்க, பொசிஷன் தானா சின்னதாகிடும். ஜிடிடி போட்டு வச்சிருக்கறவங்க இன்னொண்ணும் பாக்கணும், விலை ட்ரிக்கர் ஆனதும் எக்ஸ்சேஞ்சுக்கு போறது லிமிட் ஆர்டர்னா, ட்ரிக்கர் 188 லிமிட் 187ன்னு வச்சு பங்கு 183ல ஓப்பன் ஆனா ஆர்டர் போகும் ஆனா நிக்கும், நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க, ஸ்டாப் அடிச்சிருக்கும்னு நினைச்சுட்டு. லிமிட்ட ட்ரிக்கருக்கு 3, 4 சதவீதம் கீழ வைக்கறது உங்களுக்கு நஷ்டம் இல்ல, மார்க்கெட்ல கிடைக்கற நல்ல விலையிலதான் விக்கும்.

கடைசியா, இன்னும் வாங்காத பொசிஷனும் ஹீட்தான். பிரேக்அவுட்டுக்காக ஆறு பங்குல பை ட்ரிக்கர் போட்டு வச்சிருப்பீங்க, ரெண்டு மூணுதான் ஆகும்னு கணக்கு. ஜூன் 3 மாதிரி நாள்ல ஆறும் முதல் அஞ்சு நிமிஷத்துல ஆகிடும், ஷீட்ல நீங்க பாக்கறதுக்குள்ள கேப்ப தாண்டியிருக்கும். மிச்சம் இருக்கற ஹீட்டுக்கு எத்தனை ட்ரேடு தாங்குமோ அத்தனை பை ட்ரிக்கர் மட்டும்தான் முந்தின நாள் ராத்திரி உள்ள இருக்கணும், மத்த பங்குகளுக்கு அலர்ட் போதும். எது உள்ள எது அலர்ட்னு தேர்ந்தெடுக்கறப்போ ஏற்கனவே நிறைஞ்ச பக்கெட்ல இருக்கறத அலர்ட்டுக்கு தள்ளுங்க.